வட்டம் முட்டையாகத் தெரிந்தால்

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அடுப்படியில் நின்றபடியே தெரிய வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மோட்டாரைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறி எட்டிப் பார்த்து இறங்குவது அவர் முழங்காலுக்கு ஆகவில்லை. தொட்டியில் சென்சார் வைத்து, அளவை எடுத்து, வைஃபை வழியாகக் கீழே கொண்டுவருவது நான்கு மாலைகளில் முடிந்துவிட்டது. அதைக் காட்ட ஒரு ராஸ்பெரி பை 4 பலகையும், எச்டிஎம்ஐ வழியாகச் செருகும் 5 அங்குலத் தொடுதிரையும் வாங்கினேன். என்னை இரண்டு வாரம் இழுத்தடித்தது அந்தத் திரைதான்.

முதல் நாள் மின்சாரம் கொடுத்ததும் படம் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து பார்த்தார். "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா. இதுல தண்ணி எங்க இருக்கு?" என்றார். எழுத்து பொடியாக இருந்தது மட்டுமில்லை, கலங்கியும் இருந்தது. மேலே இருக்க வேண்டிய மெனுப் பட்டையில் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. போதாததற்கு, தொட்டியின் அளவை நெடுக்காக ஒரு குழாய் போலக் காட்ட வேண்டும் என்பதால் திரையைச் செங்குத்தாகச் சுவரில் மாட்டியிருந்தேன். படமோ பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது.

ரெசல்யூஷன், ஓவர்ஸ்கேன், சுழற்சி என்று மூன்று தனித்தனிக் கோளாறுகளாக இவை தெரிந்தன. உண்மையில் மூன்றுக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தின் அளவை இப்போது யார் முடிவுசெய்கிறார்கள்? படம் டெஸ்க்டாப்பில் உருவாகிறது. லினக்ஸ் கெர்னல் அதை எச்டிஎம்ஐ சமிக்ஞையாக அனுப்புகிறது. திரையின் பின்னால் இருக்கும் சின்னப் பலகை அதை வாங்கிக் கண்ணாடியில் போடுகிறது. இந்தக் கைமாற்றத்தில் எந்த இடத்திலும் படம் சுருங்கலாம், வெட்டுப்படலாம், திரும்பலாம். எந்தக் கையில் அது நடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் கையில் கிடைத்த வரியையெல்லாம் கோப்பில் எழுதிக்கொண்டே போனால் ஒன்றும் அசையாது. முதல் வாரம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன்.

திரையிலிருந்தே தொடங்குவோம். என் 5 அங்குலத் திரையில் குறுக்காக 800 புள்ளிகள், நெடுக்காக 480 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். இது கண்ணாடியிலேயே பதிந்த எண்ணிக்கை. எந்த அமைப்பாலும் கூடாது, குறையாது. கணினி சரியாக 800×480 அனுப்பினால், அனுப்பிய ஒரு பிக்சல் கண்ணாடியின் ஒரு புள்ளியில் அப்படியே உட்காரும். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். வேறு அளவில் அனுப்பினால், திரையின் பலகையில் அளவு மாற்றும் சில்லு இருக்கும்பட்சத்தில் அது சுருக்கியோ நீட்டியோ காட்டும். அந்தச் சில்லு இல்லாத மலிவான பலகைகளும் சந்தையில் உண்டு. அவற்றுக்குத் தப்பான அளவை அனுப்பினால் திரை வெள்ளையாக நின்றுவிடும், இல்லையென்றால் படம் கிழிந்து ஓடும். அதைப் பார்த்துத் திரை செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். என் திரையில் அந்தச் சில்லு இருந்தது. அதனால்தான் படம் வந்தது, எறும்பாகவும் வந்தது.

கணினிக்குத் திரையின் அளவு எப்படித் தெரியும்? எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே அதற்கென மெல்லிய இணைப்பு ஒன்று இருக்கிறது. திரைக்குள் இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து அதன் வழியாக ஒரு தகவல் துண்டைக் கணினி படிக்கும். ஈடிஐடி என்று பெயர். அடிப்படைத் துண்டு 128 பைட்டுதான். 'நான் இன்னார், எனக்குப் பிடித்த அளவு இது, இவற்றையும் ஏற்பேன்' என்று திரை தன்னைப் பற்றிச் சொல்லும் அறிமுகச் சீட்டு அது. அந்தச் சீட்டில் சொல்வதைக் கணினி நம்புகிறது. மலிவான சின்னத் திரைகளில் இந்தச் சீட்டு காலியாக இருக்கும், அல்லது கண்ணாடிக்குச் சம்பந்தமே இல்லாத அளவைச் சொல்லும். என் திரை என்ன சொல்கிறது என்று பார்க்க, மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகப் பலகைக்குள் நுழைந்து இதைத் தட்டினேன்:

```
cat /sys/class/drm/card*-HDMI-A-1/modes
```

முதல் வரியில் 1920x1080. அதன்கீழ் இன்னும் பத்துப் பன்னிரண்டு அளவுகள். 800x480 மட்டும் எங்கும் இல்லை. 800 புள்ளி உள்ள கண்ணாடி தன்னை 1920 புள்ளித் தொலைக்காட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது. கணினி அதை நம்பி அத்தனையும் அனுப்ப, திரையின் சில்லு இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவாகப் பிழிந்து காட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1920-ஐ 800 ஆக்க 2.4 ஆல் வகுக்க வேண்டும். 1080-ஐ 480 ஆக்க 2.25 போதும். அகலத்தில் அதிகமாகவும் உயரத்தில் குறைவாகவும் பிழிபடுகிறது. ஆக, கணினி 240 பிக்சல் விட்டத்தில் வரையும் வட்டம், கண்ணாடியில் 100 புள்ளி அகலமும் 107 புள்ளி உயரமும் உள்ள முட்டையாகத்தான் வரும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம் இது. அன்றிலிருந்து எந்தச் சின்னத் திரை கைக்கு வந்தாலும் முதலில் ஒரு வட்டம் வரைந்து பார்க்கிறேன். அதோடு ஓரத்தில் ஒரு பிக்சல் கனத்தில் ஒரு கட்டம், இடப்பக்கம் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சலாக நெருக்கமான செங்கோடுகள். மூன்றையும் ஒரே படத்தில் வைக்கும் சிறு நிரல் இது:

```python
from PIL import Image, ImageDraw
im = Image.new("L", (800, 480), 0)
d = ImageDraw.Draw(im)
for x in range(0, 200, 2):
    d.line((x, 0, x, 479), fill=255)
d.ellipse((280, 120, 520, 360), outline=255)
d.rectangle((0, 0, 799, 479), outline=255)
im.save("test.png")
```

இந்தப் படத்தை நீட்டாமல் சுருக்காமல், நூறு சதவீத அளவில் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் எங்கோ ஒரு கை படத்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தால் நெருக்கக் கோடுகள் கோடாகவே தெரியாது. சாம்பல் பூச்சாகவோ, பட்டுச் சேலையில் ஒளி புரள்வதுபோல் அலையலையாகவோ தெரியும். வட்டம் முட்டையானால் நீள அகல விகிதம் கெட்டிருக்கிறது. ரெசல்யூஷனைச் சரிசெய்த பிறகு இதே படம் முழுத்திரையில் சரியாகப் பொருந்த வேண்டும். அப்போது ஓரக் கட்டத்தின் நான்கு பக்கமும் தெரிந்தால் எதுவும் வெட்டுப்படவில்லை. என் திரையில் அன்று சாம்பல் பூச்சும் முட்டையும் கிடைத்தன.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுவது நல்லது. ராஸ்பெரி பை நிறுவனமே 2015-இல் வெளியிட்ட 7 அங்குலத் தொடுதிரைக்கும் 800×480 புள்ளிகள்தான். ஆனால் அதன் காட்சிப் பரப்பு 155 மில்லிமீட்டருக்கு 86. வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளியின் அகலம் உயரத்தைவிட 8 சதவீதம் போல அதிகம். அதில் எல்லாம் சரியாக இருந்தும் வட்டம் சற்றுப் பருத்துத்தான் தெரியும். அங்கே வட்டத்தை விட்டுவிட்டு நெருக்கக் கோடுகளை நம்ப வேண்டும். என் 5 அங்குலக் கண்ணாடியில் புள்ளிகள் சதுரமானவை, அதனால் வட்டமே போதுமான சாட்சி.

இனி திருத்தம். நான் விழுந்த பள்ளம் இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்காக எழுதிவைத்த குறிப்பேடு என்னிடம் இருந்தது. அதில் config.txt கோப்பில் சேர்க்க வேண்டியவை என்று இந்த வரிகள்:

```
hdmi_group=2
hdmi_mode=87
hdmi_cvt=800 480 60 6 0 0 0
disable_overscan=1
display_hdmi_rotate=1
```

அப்போது இவை அழகாக வேலை செய்தன. மூன்றாவது வரியில் அகலம், உயரம், விநாடிக்கு 60 முறை, 15:9 விகிதத்தைக் குறிக்கும் 6 என்று எல்லாமே அர்த்தமுள்ளவை. இப்போது எழுதினால் டெஸ்க்டாப்பில் ஒரு மாற்றமும் இல்லை. எழுத்துப்பிழையோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். பிழை வரிகளில் இல்லை. அவற்றைக் கேட்க வேண்டியவர் அந்த இருக்கையை விட்டு எழுந்து போய்விட்டார்.

பழைய முறையில் படத்தை ஆண்டது ஃபர்ம்வேர், அதாவது பலகையின் சில்லுக்குள் லினக்ஸுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் மென்பொருள். config.txt அதற்கு எழுதும் கடிதம். 2021 நவம்பரில் புல்ஸ்ஐ என்ற பதிப்பு வந்தபோது அந்த அதிகாரம் லினக்ஸ் கெர்னலுக்குக் கைமாறியது. கேஎம்எஸ் என்று அதைச் சொல்வார்கள். config.txt கோப்பைத் திறந்து `dtoverlay=vc4-kms-v3d` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பலகையில் கெர்னலின் ஆட்சி. பக்கத்திலேயே `disable_fw_kms_setup=1` என்ற வரியும் இருக்கும். 'ஃபர்ம்வேர் தன் திரை அமைப்பைக் கெர்னலுக்குத் தள்ளிவிட வேண்டாம்' என்பது அதன் பொருள். 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் கோப்பு இருக்கும் இடமும் மாறியது. முன்பு /boot/config.txt, இப்போது /boot/firmware/config.txt. பழைய இடத்தில் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி அதில் எழுதினால் யாருமே படிக்க மாட்டார்கள். பழைய குறிப்புகள் பொய்யல்ல. அவை வேறொருவருக்கு எழுதப்பட்டவை. எந்தக் குறிப்பை எடுத்தாலும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

கெர்னலுக்குச் சொல்ல வேண்டியதை அதே இடத்தில் உள்ள cmdline.txt கோப்பில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அதில் ஒரே ஒரு நீண்ட வரி இருக்கும். அந்த வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்த்தேன்:

```
video=HDMI-A-1:800x480M@60D
```

HDMI-A-1 என்பது துளையின் பெயர். பை 4 பலகையில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றன. மின்சாரம் செருகும் துளைக்குப் பக்கத்தில் இருப்பது 1. M என்றால், திரையின் அறிமுகச் சீட்டில் இந்த அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கான நேரக் கணக்கை நீயே போட்டுக்கொள் என்று பொருள். 60 என்பது விநாடிக்கு எத்தனை படம் என்பது. D என்றால், திரை செருகப்பட்டதாகத் தெரியாவிட்டாலும் டிஜிட்டல் சமிக்ஞையை அனுப்பு என்பது. மின்சாரம் வந்ததும் மெதுவாக விழிக்கும் திரைகளுக்கு இந்தக் கடைசி எழுத்து மிகவும் உதவும்.

இதிலும் முதல் முறை வேலை நடக்கவில்லை. காரணம் சின்னது, ஆனால் பலரும் தடுக்கி விழும் இடம். நான் வழக்கம்போல் என்டர் தட்டிவிட்டுப் புது வரியில் எழுதியிருந்தேன். cmdline.txt-இல் முதல் வரி மட்டுமே கெர்னலுக்குப் போகும். இரண்டாவது வரியை யாரும் பார்ப்பதில்லை, அதைப் பற்றி எச்சரிக்கையும் வராது. கணினி எப்போதும்போல் எழுந்து நிற்கும், திரை மட்டும் மாறாது. நாம் எழுதியது உண்மையிலேயே கெர்னல் காதில் விழுந்ததா என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
cat /proc/cmdline
```

வெளிவருவதில் video= தெரியவில்லை என்றால், அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. வரியை ஒன்றாக்கி, மறுபடி தொடங்கியதும் modes பட்டியலில் 800x480 வந்து உட்கார்ந்தது. டெஸ்க்டாப்பில் Preferences மெனுவுக்குள் இருக்கும் Screen Configuration-ஐத் திறந்து அந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்து சட்டென்று பெரிதானது. சோதனைப் படத்தில் சாம்பல் பூச்சு கலைந்து நூறு கோடுகளும் தனித்தனியாக நின்றன. ஓரமாகப் போய் கைபேசி கேமராவை நெருக்கி வைத்துப் பார்த்தேன்: ஒரு கோடு வெள்ளை, ஒரு கோடு கருப்பு, கடைசிவரை ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்த நிமிடத்துக்காக ஒரு வாரம் பட்ட பாடு தகும் என்றே சொல்வேன்.

தப்பான அளவைக் கொடுத்துத் திரை இருண்டுபோனால் கலங்க வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து திருத்தலாம். அதுவும் முடியவில்லை என்றால் மெமரி கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் இந்த இரண்டு கோப்புகளும் உள்ள பகுதி விண்டோஸிலும் திறக்கும். முதல் தடவை கைவைக்கும் முன்பே cmdline.txt-க்கு ஒரு பிரதி எடுத்துவைத்திருந்தால் போதும்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. எச்டிஎம்ஐ கேபிளில் பிக்சல்கள் விநாடிக்கு இரண்டரைக் கோடிக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது விதி. 800×480 படத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர இடைவெளிகளையும் சேர்த்தால் ஓட்டம் மூன்று கோடியை நெருங்குகிறது; அதனால் தப்பிக்கிறது. 480×320 புள்ளி உள்ள மூன்றரை அங்குலத் திரைகளுக்கு அதில் பாதிகூட வராது. அவற்றை எச்டிஎம்ஐ வழியாக அவற்றின் சொந்த அளவிலேயே ஓட்ட முடியாது. பெரிய படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும், அல்லது எச்டிஎம்ஐயை விட்டுவிட்டுப் பலகையின் பின்களில் நேரடியாக உட்காரும். எழுத்து நிறையக் காட்ட வேண்டிய வேலைக்கு மூன்றரை அங்குல எச்டிஎம்ஐ திரையை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது ஓவர்ஸ்கேன். பழைய குண்டுத் தொலைக்காட்சிகளில் எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் விளிம்பையும் தாண்டிப் படத்தை வரையும். ஓரத்தில் படம் நடுங்குவதும் வளைவதும் பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். படம் எடுப்பவர்களும் எழுத்தை ஓரத்துக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். தட்டைத் திரைகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. தொலைக்காட்சிக்கான அளவில் சமிக்ஞை வந்தால் படத்தைச் சற்றே பெருக்கி ஓரத்தை வெட்டிக் காட்டும் பலகைகள் இன்றும் இருக்கின்றன. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் தொலைக்காட்சிக்கான பழைய மஞ்சள் துளையும் இருந்தது. டிவியில் ஓரம் வெட்டுப்பட்டால் படம் பாழாகுமே என்று, ஃபர்ம்வேர் முன்கூட்டியே படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் கருப்பு விளிம்பு விட்டது. உயர்தெளிவு டிவி அளவுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 48 பிக்சல்.

ஆக, இரண்டு நேரெதிர்க் கோளாறுகளை ஒரே பெயரில் அழைக்கிறோம். சுற்றிலும் கருப்பு விளிம்பு தெரிந்தால், கணினி சுருக்கி அனுப்புகிறது. ஓரம் வெட்டுப்பட்டால், திரை பெருக்கிக் காட்டுகிறது. மருந்து எங்கே போட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. என் திரையில் வெட்டுப்பட்டது. ஆனால் நான் அதற்கென்று ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. 800×480-க்கு மாறிய அதே நொடியில் மெனுப் பட்டை முழுதாக வந்துவிட்டது. 1920×1080 தொலைக்காட்சிக்கான அளவு என்பதால் என் திரையின் பலகை தன்னை டிவியாக நினைத்து ஓரத்தைக் கத்தரித்திருக்கிறது. 800×480 எந்தத் தொலைக்காட்சிக்கும் உரியதல்ல. அதற்கு அந்தப் பழக்கம் கிளம்பவில்லை. ரெசல்யூஷனை முதலில் திருத்தச் சொல்வது இதனால்தான். பாதி ஓவர்ஸ்கேன் தொல்லை அத்தோடு காணாமல் போய்விடும்.

அதற்குப் பிறகும் வெட்டுப்பட்டால், திரையின் சொந்த மெனுவில் 1:1, Just Scan, PC என்பது போன்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லாத கட்டத்தில்தான் கடைசி வழி. video= சொல்லின் முடிவில் காற்புள்ளி இட்டு ஓரங்களைச் சேர்க்கலாம்:

```
video=HDMI-A-1:800x480M@60D,margin_left=10,margin_right=10,margin_top=8,margin_bottom=8
```

இதைக் கடைசி வழி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இது படத்தை நகர்த்துவதில்லை, பிழிகிறது. 800 பிக்சல் படம் 780-க்குள் திணிக்கப்படும். நெருக்கக் கோட்டுச் சோதனை மறுபடி தோற்கும், எழுத்து மறுபடி கலங்கும். டிவியின் மஞ்சள் துளையில் படம் பார்க்கும் ஒருவருக்கு இது சரியான மருந்து. எழுத்து காட்டும் சின்னத் திரைக்கு, ஓரத்தில் பத்து பிக்சல் தள்ளி எழுதுமாறு நம் நிரலையே மாற்றிக்கொள்வது மேல்.

கடைசியாகச் சுழற்சி. டெஸ்க்டாப் பலகையில் இதைச் செய்வது எளிது. அதே Screen Configuration-இல் திரையின் மேல் வலது கிளிக் செய்தால் Orientation வரும். கட்டளையாகச் சொல்ல விரும்பினால்:

```
wlr-randr --output HDMI-A-1 --transform 90
```

படம் தலைகீழாக நின்றால் 90 இருக்கும் இடத்தில் 270 போடுங்கள். எந்தப் பக்கம் சுழலும் என்று மனதுக்குள் கணக்குப் போடுவதைவிட அது விரைவு. இந்தக் கட்டளை அணைத்துப் போட்டால் மறந்துபோகும். Screen Configuration வழியாகச் செய்தால் அமைப்பு ~/.config/kanshi/config கோப்பில் எழுதப்பட்டு நிலைக்கும். கெர்னல் வரியில் `,rotate=90` என்றும் சேர்க்க முடியும். ஆனால் அது திரும்பவைப்பது டெஸ்க்டாப் வருவதற்கு முன் ஓடும் கருப்புத் திரை எழுத்துகளை மட்டுமே. டெஸ்க்டாப் தன் வழியே போகும். இந்த இரண்டும் தனித்தனி ஆட்கள் என்பதை அறியாமல், 'பூட் ஆகும்போது நேராக இருக்கிறது, பிறகு சாய்ந்துவிடுகிறது' என்று தவிப்பவர்கள் நிறைய.

படம் நிமிர்ந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். தொட்டியின் படம் நெடுக்காக, நீல நிறம் முக்கால்வாசி வரை. கீழே மோட்டாரை நிறுத்தும் பொத்தான். அவர் பொத்தானைத் தொட்டார். எதுவும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தொட்டார். மேல் மூலையில் ஏதோ ஒரு மெனு திறந்தது. "நான் ஒண்ண தொட்டா அது வேற எதையோ தொறக்குதுப்பா" என்றார்.

அவர் சொன்னது துல்லியமான நோயறிதல். நான் விரலை மேலிருந்து கீழாக இழுத்துப் பார்த்தேன். சுட்டி பக்கவாட்டில் ஓடியது. படம் போவது எச்டிஎம்ஐ கேபிளில். விரல் எங்கே பட்டது என்ற செய்தி வருவது தனி யுஎஸ்பி கேபிளில். தொடுபரப்பு ஒரு தனிக் கருவி. படத்தைத் திருப்பியது அதற்குத் தெரியாது. அது இன்னும் தன்னை 800 அகலம் 480 உயரம் என்றே நினைத்துக்கொண்டு இடம் சொல்கிறது. எனவே, இந்தத் தொடுபரப்பு இந்தத் திரைக்கு உரியது என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்ல வேண்டும். முடிச்சுப் போட்டுவிட்டால் திரை எந்தப் பக்கம் திரும்பினாலும் தொடுபரப்பும் கூடவே திரும்பும்.

2024 அக்டோபருக்குப் பிறகு ராஸ்பெரி பை டெஸ்க்டாப்பில் சாளரங்களை நிர்வகிப்பது `labwc`. அதன் ~/.config/labwc/rc.xml கோப்புக்குள் இந்த ஒரு வரி:

```
<touch deviceName="..." mapToOutput="HDMI-A-1" mouseEmulation="yes"/>
```

புள்ளிகள் இருக்கும் இடத்தில் கருவியின் பெயர் வர வேண்டும். `sudo libinput list-devices` என்று தட்டினால் செருகப்பட்ட கருவிகளின் பட்டியல் வரும். அதில் touch என்ற திறன் காட்டப்படுவதுதான் நம் திரை. பெயரை ஓர் எழுத்து, ஓர் இடைவெளி மாறாமல் எடுத்து எழுத வேண்டும். என் திரையின் பெயருக்குள் இரட்டை இடைவெளி ஒன்று ஒளிந்திருந்தது; அதைக் கவனிக்காமல் ஒரு மாலை போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொடுபரப்பைத் திருப்ப இன்னொரு வழியும் உண்டு: எண்கள் அடங்கிய ஓர் அணியை libinput-க்குக் கொடுப்பது. பழைய குறிப்புகளில் அதுதான் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் தொடுபரப்பு இரண்டு முறை திரும்பிவிடும். விரலைக் கீழே இழுத்தால் சுட்டி வேறெந்தப் பக்கமாவது போகும், எந்த எண்ணை மாற்றினாலும் பொருந்தாது. முன்பு சோதித்துப் பார்த்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வழியில் நில்லுங்கள். சரிபார்ப்பது எளிது: நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நடுவில் மட்டும் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். படம் எப்படித் திரும்பினாலும் நடு நடுவாகவே இருக்கும்.

மறுபடி தொடங்கி நான்கு மூலைகளையும் தொட்டேன். நான்கிலும் சுட்டி விரலுக்கு அடியில் வந்து நின்றது. நெடுக்காக நிற்கும்போது குறுக்கே 480 புள்ளிகள்தான் கிடைக்கின்றன, அதுவும் ஆறரை சென்டிமீட்டருக்குள். அதனால் எழுத்துகளைக் குறைத்து எண்ணை மட்டும் பெரிதாக வைத்தேன்: மேலே 72%, அதன்கீழ் தொட்டி, அடியில் பொத்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. "இன்னைக்கு மோட்டார் போட வேண்டாம், முக்கால் தொட்டி இருக்கு" என்று அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.